கிளைவாரி விடுப்பு விதிகளை ஒரே அட்டவணையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல கிளைகளின் விடுப்புக் கொள்கைகளை ஒரே அட்டவணையில் கொண்டுவரும்போது, "எடுத்துச் செல்லும் வரம்பு" என்று ஒற்றை நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு கொள்கையிலும் கண்ணில் படும் முதல் எண்ணை அதில் எழுதிவிடுவதே மிகப் பெரிய தவறு. அந்த எண், ஓர் ஆண்டில் பயன்படுத்தாத விடுப்பில் எத்தனை நாள் அடுத்த ஆண்டுக்குச் செல்லும் என்பதைக் குறிக்கலாம். பல ஆண்டுகளாகச் சேர்ந்த மொத்த இருப்பின் உச்சவரம்பையும் குறிக்கலாம். இரண்டும் வெவ்வேறு விதிகள் என்பதால், இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை வேண்டும்.

ஓர் ஊழியரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்கு 28 நாள் ஈட்டிய விடுப்பு இருப்பில் உள்ளது. அவ்வாண்டில் 18 நாள் சேர்கிறது. 8 நாள் எடுக்கிறார். ஆண்டிறுதி இருப்பு 38 நாள். முதல் கிளையின் கொள்கை, அந்தந்த ஆண்டில் பயன்படுத்தாத விடுப்பில் 10 நாள் வரை எடுத்துச் செல்லலாம் என்றும், மொத்த இருப்பு 45 நாளைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டாம் கிளை, இருப்பில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குச் செல்லும், மிகுதி பணமாக்கப்படும் என்கிறது. மூன்றாம் கிளையிலும் வரம்பு 30 நாள்தான்; ஆனால் மிகுதி காலாவதியாகும், விண்ணப்பித்தால் ஆண்டுக்கு 10 நாள் வரை பணமாக்கலாம்.

ஒற்றை நெடுவரிசையில் இவை 10, 30, 30 என்று நிற்கும். பார்ப்பவர் முதல் கிளைதான் கடுமையானது என்று நினைப்பார். உண்மையில் எடுத்த 8 நாளும் நடப்பாண்டின் 18 நாளிலிருந்து கழிக்கப்பட்டால், மீதி 10 நாளும் பழைய 28 நாளோடு சேர்ந்து 38 நாளும் அங்கே முழுதாக நிற்கும். ஆனால் பழைய இருப்பிலிருந்து முதலில் கழிப்பது அக்கிளையின் வழக்கம் என்றால், பழையதில் 20 நாள் மிஞ்சும், புதிய 18 நாளில் 10 மட்டுமே செல்லும், மொத்தம் 30 ஆகும். 8 நாள் போய்விடும். கழிக்கும் வரிசையைக் கொள்கை பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சம்பளப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை அட்டவணையில் எழுத வேண்டும்.

மூன்றாம் கிளையில் இன்னொரு வரிசைச் சிக்கல் இருக்கிறது. பணமாக்கலை முதலில் செய்தால் 38 நாளில் 10 பணமாகி, 28 நாள் எவ்வித இழப்புமின்றி அடுத்த ஆண்டுக்குச் செல்லும். வரம்பை முதலில் பொருத்தினால் 8 நாள் காலாவதியாகி 30 ஆகும். அதிலிருந்து 10 பணமானால் மிஞ்சுவது 20 மட்டுமே. ஊழியருக்குக் கிடைக்கும் பணம் ஒன்றுதான் என்றாலும், இருப்பில் 8 நாள் வேறுபாடு. ஆகவே விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளும், எந்தச் செயல் முதலில் நடக்கும் என்பதும் அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும்.

பணமாக்கல் நெடுவரிசையில் வெறுமனே "உண்டு" என்று எழுதுவதைப் போல வாசகரைத் தவறான வழியில் செலுத்துவது வேறில்லை. ஆண்டிறுதியில் தானாக நடப்பது, பணிக்காலத்தில் விண்ணப்பித்துப் பெறுவது, பணியிலிருந்து விலகும்போது மட்டும் கிடைப்பது ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள். ஒரு நாள் ஊதியம் அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா, அது 26-ஆல் வகுக்கப்படுகிறதா, 30-ஆலா என்பதையும் குறியுங்கள்.

காலியாக விடப்படும் கட்டங்களைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. கொள்கை மௌனமாக இருக்கிறதா, தடை செய்கிறதா, வரம்பே இல்லை என்கிறதா என்பதை வெற்றுக் கட்டம் சொல்லாது. அதை நிரப்புபவர் பெரும்பாலும் சுழியம் என்றே எடுத்துக்கொள்வார், அந்தச் சுழியம் ஒருவரின் விடுப்பை அழித்துவிடும். "குறிப்பிடப்படவில்லை", "அனுமதி இல்லை", "வரம்பு இல்லை" என்று மூன்று சொற்களை நிலையாக வைத்துக்கொண்டு அவற்றையே எங்கும் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு வரிசையிலும் விதியின் பிரிவு எண், அது நடைமுறைக்கு வந்த நாள், விடுப்பு ஆண்டு தொடங்கும் மாதம் ஆகியவை இருக்கட்டும். பழைய கையேட்டின் ஒரு பிரிவைப் பின்னர் வந்த சுற்றறிக்கை மாற்றியிருந்தால், இரண்டு எண்களையும் கலந்து எழுதாமல் நடப்பில் உள்ளதை மட்டும் எழுதி, சுற்றறிக்கையின் நாளைக் குறியுங்கள்.

அட்டவணை முடிந்ததும் மேற்சொன்ன அதே ஊழியரை ஒவ்வொரு வரிசையிலும் பொருத்தி, செல்லும் நாள், பணமாகும் நாள், காலாவதியாகும் நாள் ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 38 ஆக வராத வரிசையில் ஏதோ ஒரு விதி விடுபட்டிருக்கிறது. கூட்டுத்தொகை சரியாக வந்தாலும், செயல்களின் வரிசை மாறியிருப்பதை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு, கடந்த ஆண்டிறுதியில் அக்கிளையில் உண்மையாக முடிக்கப்பட்ட ஓர் ஊழியரின் விடுப்புக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.