பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ‘எல் எ பொன்’ என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள்

கடிதாசி வேலைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்குச் சொல்லித்தர பாரிஸில் தமிழர் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். குடிவரவு அலுவலகமான ஒஃபி கூப்பிட்டால் குறித்த நேரத்துக்குப் போங்கள். அங்கே மொழிப் பரீட்சை வைத்து, தேவைப்பட்டால் வகுப்புக்கு எழுதித் தருவார்கள். அந்த வகுப்பைத் தவறவிடாதீர்கள். 2026 ஜனவரியில் இருந்து விதி இறுகிவிட்டது. ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர்கள் பல ஆண்டு வதிவிட அட்டை எடுக்க ஏ2 மட்டத்தில் பிரெஞ்சு வேண்டும், பத்து வருஷ வதிவிட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அட்டை விதி வேறு. இவ்வளவுதான்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். என்னோடு ஒரே அறையில் இருந்த ஒரு தம்பி, நல்ல பொறுமைசாலி, கோப்பை கழுவுவதில் இருந்து கொமியாக, அதாவது சமையல் உதவியாளனாக உயர்ந்தவன், மூன்றே சொற்களால் வேலையை இழந்தான்.

புது ரெஸ்ரோறன்ற் ஒன்றில், நிரந்தரமாக்கும் முன் வேலையைப் பார்க்கிற பரீட்சைக் காலத்தில் அவன் நின்றான். அங்கே ஒரு பெண் பரிமாறுகிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டை மாற்றி எடுத்துப் போனால்கூட முகம் சுளிக்காமல் திரும்பிவந்து மாற்றிக் கேட்பாள். ஒருநாள் மதிய வேலை முடிந்து எல்லோரும் இருந்து சாப்பிடும்போது, ‘புதுப் பிள்ளை எப்படி?’ என்று முதலாளி இவனிடம் கேட்டார். அவள் நல்ல பிள்ளை, வேலையும் நல்லாச் செய்கிறாள் என்று சொல்ல நினைத்தான். வகுப்பில் படித்தபடி ‘நல்ல’ என்பதற்குப் பெண்பால் ‘பொன்’, அவளுக்கு ‘எல்’. சேர்த்து ‘எல் எ பொன்’ என்றான். சமையல்கட்டில் இரண்டு பேர் சத்தமாகச் சிரித்தார்கள். அந்தப் பெண் கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

ஒரு பெண்ணைப் பற்றி ‘எல் எ பொன்’ என்றால் பிரெஞ்சில் அது அவளுடைய உடம்பைப் பற்றிய கீழ்த்தரமான பேச்சு. சூப்பைப் பற்றிச் சொன்னால் சூப் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆளைப் பற்றிச் சொன்னால் அர்த்தமே மாறிவிடும். பரீட்சைக் காலத்தில் முதலாளி காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். சட்டம் கேட்பது முன்கூட்டியே அறிவிப்பதை மட்டும்தான்: எட்டு நாளுக்குள் என்றால் 24 மணித்தியாலம், ஒரு மாதத்துக்குள் 48 மணித்தியாலம், ஒரு மாதத்துக்கு மேல் இரண்டு கிழமை, மூன்று மாதத்துக்கு மேல் ஒரு மாதம். இவனுக்கும் அப்படியே நடந்தது. தான் சொன்னது என்ன என்று அவனுக்கு விளங்கியது, இரவு நான் விளக்கிச் சொன்ன பிறகுதான். அவனை உட்காரவைத்து ஒரு நிமிஷம் கேட்டிருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவன் சொல்லியிருக்க வேண்டியது ‘செத் யூன் பொன் செர்வெஸ்’. நல்ல பரிமாறுகிறவள் என்று அர்த்தம், எந்தத் தப்பும் இல்லை. குணத்தைச் சொல்லவேண்டும் என்றால் ‘எல் எ ஜோந்தீய்’. அதே ‘பொன்’ ‘செத் யூன் பொன் செர்வெஸ்’ என்பதில் ஏன் பாதுகாப்பாக இருக்கிறது? அதற்குப் பின்னால் செர்வெஸ் என்ற தொழிற்பெயர் வந்துவிட்டது. நல்லது என்பது அவளுடைய வேலையோடு ஒட்டிக்கொள்கிறது, உடம்போடு அல்ல.

இப்போது ‘இது’, ‘இவர்’ என்று சுட்டுகிற ‘செ’ எங்கே, ‘அவர்’, ‘அவள்’ என்று தொடங்குகிற ‘இல் எ’, ‘எல் எ’ எங்கே என்று பார்ப்போம். தமிழில் ‘அவர் டாக்குத்தர்’, ‘அவர் நல்ல டாக்குத்தர்’ இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பிரெஞ்சில் இரண்டும் வேறு. வாயைத் திறப்பதற்கு முன் அடுத்து வரப்போகும் சொல்லைப் பாருங்கள். அதற்கு முன்னால் அன், யூன், ல, லா, மொன், மா மாதிரி ஒரு சிறுசொல் நிற்கிறதா? நின்றால் ‘செ’, உயிரொலிக்கு முன்னால் அதுவே ‘செத்’. ‘செ மொன் ஃப்ரேர்’, என் சகோதரன். ‘செத் அன் பொன் குயிசினியே’, நல்ல சமையல்காரர். அந்தச் சிறுசொல் இல்லாமல் தொழிலோ, குணமோ மொட்டையாக வந்தால் ஆணுக்கு ‘இல் எ’, பெண்ணுக்கு ‘எல் எ’. ‘இல் எ குயிசினியே’, அவர் சமையல்காரர். நம்மவர்கள் அதிகம் பிழைவிடுவது இரண்டையும் கலந்து ‘இல் எ அன் குயிசினியே’ என்பதில்தான். விளங்கிக்கொள்வார்கள், ஆனால் காதில் உறுத்தும்.

சாப்பாடு மாதிரிப் பொருட்களைப் பற்றிச் சொல்லும்போதும் ஒரு வித்தியாசம் உண்டு. ‘லா சூப், செ பொன்’ என்றால் சூப் என்ற சாப்பாடே பொதுவாக ருசியானது. ‘லா சூப், எல் எ பொன்’ என்றால் இப்போது தட்டில் இருக்கிற இந்தச் சூப். ‘செ’க்குப் பின்னால் நேரே வருகிற பண்புச்சொல் எப்போதும் ஆண்பாலில்தான் நிற்கும் என்பதையும் கவனியுங்கள்; தமிழில் இரண்டையும் ‘பொன்’ என்று எழுதினாலும், ‘செ பொன்’னில் வருவது மூக்கால் ஒலிக்கிற ஆண்பால்.

அடுத்தது நான், நீ, அவன், அவள் என்பதைத் தனித்தோ அழுத்தியோ சொல்லும் முவா, துவா, லுய், எல். பிரெஞ்சில் நான் என்கிற ‘ஜ’ வினையோடு ஒட்டித்தான் நிற்கும், தனியே நிற்காது. கதவைத் தட்டும்போது ‘யார்?’ என்றால் நாம் ‘நான்தான்’ என்போம். அங்கே ‘செ முவா’. ‘நானும்’ என்றால் ‘முவா ஓசி’, இல்லை என்ற பதிலுக்கு ‘நானும் இல்லை’ என்றால் ‘முவா நோன் ப்ளூ’. என் வீட்டில் ‘ஷே முவா’, உனக்காக ‘பூர் துவா’, அவனோடு ‘அவெக் லுய்’. நாம் ‘நானோ’, ‘அவனோ’ என்று அழுத்துகிற இடத்திலும் இவைதான் முன்னே வரும், அதற்குப் பிறகு வழக்கமான சொல்லையும் விடக்கூடாது: ‘முவா, ஜ சுய் குயிசினியே. லுய், இல் எ எலெக்திரிசியன்.’

லுய்யில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஜ லுய் பார்ல்’ என்றால் அவனோடும் கதைக்கிறேன், அவளோடும் கதைக்கிறேன், இரண்டுக்கும் பொருந்தும். அதை நம்பி ‘அவெக் லுய்’யையும் பெண்ணுக்குச் சொன்னால் ஆண் என்றுதான் எழுதுவார்கள். டாக்குத்தரம்மாவையும் ஆசிரியையையும் மரியாதைக்கு ‘அவர்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது கை தவறி வந்துவிடும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கான விண்ணப்பத்தில் மனைவியைப் பற்றி ‘அவெக் லுய்’ என்றார். உடன் இருக்கும் அந்த ஆணின் கடிதாசி எங்கே என்று கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. மாதம் கழிந்து ஒரு பெண் ஊழியர்தான் கண்டுபிடித்துத் திருத்தினார். பெண்ணோடு என்றால் ‘அவெக் எல்’ மட்டும்தான்.

வீட்டுப் படம் ஒன்றை முன்னால் வைத்து இதைப் பழகலாம். ஒவ்வொருவரையும் சுட்டி, முதலில் ‘செ’ போட்டு உறவைச் சொல்லுங்கள், பிறகு ‘இல் எ’ அல்லது ‘எல் எ’ போட்டுத் தொழிலைச் சொல்லுங்கள். ‘லுய், செ மொன் ஃப்ரேர். இல் எ எத்யூடியான்.’ ‘எல், செ மா ஃபாம். எல் எத் அன்ஃபிர்மியேர்.’ மனைவி நல்ல தாதி என்று சேர்க்க வேண்டும் என்றால் மட்டும் மறுபடி ‘செ’: ‘செத் யூன் பொன் அன்ஃபிர்மியேர்.’ அந்தத் தம்பிக்கும் இப்படித்தான் பழக்கினேன். இப்போது வேறு இடத்தில் வேலை. கூட வேலை செய்பவர்களைப் பற்றி யாராவது கேட்டால், ‘செத் யூன் பொன்’ என்று தொடங்கித் தொழிலின் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை நடுவில் மூச்சு விடமாட்டான்.