ஸ்பீக்கரில் பேசும்போது எதிரொலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது, "நான் பேசறது எனக்கே திரும்பக் கேட்குது" என்று மறுமுனையில் இருப்பவர் சொல்வார். "எனக்கு நல்லாத்தான் கேட்குது, உங்க போன்லதான் ஏதோ கோளாறு" என்று பலரும் பதில் சொல்வார்கள். முதல் தவறு இதுதான். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ, கோளாறு பெரும்பாலும் அவர் பக்கம் இருக்காது. அவருடைய குரல் உங்கள் ஸ்பீக்கரில் வெளியே வந்து, உங்கள் மைக்கில் புகுந்து, அவரிடமே திரும்பிப் போகிறது. உங்களுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்பதால், உங்கள் காதை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எனவே அமைப்புகளைத் தோண்டுவதற்கு முன், மியூட் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். மறுமுனையில் இருப்பவரை ஒன்றிலிருந்து பத்துவரை நிதானமாக எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேசாதீர்கள். அவர் ஐந்தைச் சொல்லும்போது மியூட்டை அழுத்துங்கள். ஒன்று முதல் ஐந்துவரை எதிரொலி கேட்டு, ஆறிலிருந்து நின்றுபோனால், அது உங்கள் மைக் வழியாகத்தான் போகிறது. மியூட் செய்த பிறகும் தொடர்ந்தால் உங்கள் மைக்குக்கு அதில் பங்கில்லை; பிணையத்திலோ அவருடைய கருவியிலோ தேட வேண்டும், அழைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி அழைப்பதே போதுமானதாக இருக்கலாம். அடுத்து மியூட்டை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துப் பாருங்கள். எதிரொலி மறைந்தால், ஸ்பீக்கர் ஒலி மைக்கை எட்டும் பாதையில்தான் சிக்கல் என்பது உறுதி.

அந்தப் பாதை எப்போதும் திறந்தேதான் இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான் தூரம். அப்படியிருந்தும் எல்லா அழைப்பிலும் எதிரொலி கேட்காததற்குக் காரணம், போனுக்குள் இருக்கும் எதிரொலி நீக்கி. ஸ்பீக்கருக்கு என்ன ஒலி அனுப்பப்படுகிறது என்பது அதற்குத் தெரியும். அந்த ஒலி அறையில் பட்டு மைக்குக்குள் என்ன வடிவில் வந்து சேரும் என்று கணித்து, மைக் பிடித்ததிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. அழைப்பின் தொடக்கத்தில் பாதையைக் கற்றுக்கொள்ள அதற்குச் சிறிது நேரம் வேண்டும். முதல் ஓரிரு நொடி மட்டும் லேசாக எதிரொலித்துவிட்டு அடங்கினால், அது கோளாறு இல்லை. அடங்காமல் தொடர்ந்தால், கணிப்புக்கும் உண்மைக்கும் பொருந்தாதபடி நாம் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்.

அப்படிச் செய்வதில் முதன்மையானது ஒலியளவை முழுவதுமாக ஏற்றிவைப்பது. ஒலி கூடினால் எதிரொலியும் கூடும் என்பதோடு இது முடிவதில்லை. சிறிய ஸ்பீக்கரை எல்லைவரை ஓட்டும்போது அது ஒலியைச் சிதைக்கிறது, போனின் உடலும் சேர்ந்து அதிர்கிறது. ஸ்பீக்கருக்கு அனுப்பிய ஒலி ஒன்று, வெளியே வந்தது வேறொன்று என்றாகிவிடுவதால், அந்தச் சிதைவை நீக்கியால் சரியாகக் கணிக்க முடியாது. கரகரப்பான எதிரொலி கேட்பதாக மறுமுனையில் சொன்னால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உச்சத்திலிருந்து இரண்டு படி இறக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

சத்தம் போதவில்லை என்று போனைக் கிண்ணத்திலோ டம்ளரிலோ வைப்பது இதைவிட மோசம். பாட்டு கேட்க அது உதவலாம். அழைப்பில், ஸ்பீக்கரின் ஒலியைக் குவித்து நேரே மைக்குக்குள் தள்ளிவிடுகிறது. சரியாகப் பொருந்தாத போன் கவரும் இதையே சின்ன அளவில் செய்யும். கவருக்கும் போனுக்கும் இடையில் இருக்கும் இடுக்கு, ஸ்பீக்கர் துளையிலிருந்து மைக் துளைக்கு ஒலியைக் கடத்தும் குழாய்போல ஆகிவிடும்.

அழைப்பின் நடுவே போனைக் கையில் எடுப்பது, மேசையில் வைப்பது, அடிப்பக்கத்தை விரலால் மூடுவது எல்லாம் பாதையை மாற்றுகின்றன. ஒவ்வொரு முறையும் நீக்கி மறுபடி கற்க வேண்டியிருக்கும், அதற்குள் எதிரொலி கசிந்துவிடும். ஓரிடத்தில் வைத்துவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். மேசையின் வெறும் பரப்பைவிட, மடித்த துணிமேல் வைப்பது அதிர்வைக் குறைக்கும்.

இன்னொரு தவறு கூட்டு அழைப்புகளில் நடப்பது. ஒரே அறையில் இரண்டு போன்கள் அதே அழைப்பில் ஸ்பீக்கரில் இருந்தால், ஒரு போனின் ஸ்பீக்கர் ஒலியை இன்னொரு போனின் மைக் பிடிக்கும். ஒவ்வொரு நீக்கிக்கும் தன் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிதான் தெரியும், அடுத்த போனில் எப்போது என்ன ஒலிக்கிறது என்பது தெரியாது. எதிரொலி அடுக்கடுக்காகி ஊளையாக முடிவது இப்படித்தான். ஒரு கருவியில் மட்டும் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்துக்கொண்டு, மற்றதில் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். மைக்கை மட்டும் மியூட் செய்வது போதாது, அதன் ஸ்பீக்கர் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். பாட்டுக்கென்று வாங்கிய புளூடூத் ஸ்பீக்கரில் அழைப்பைக் கேட்டுக்கொண்டு, போனின் மைக்கில் பேசுவதும் ஆபத்துதான். புளூடூத் சேர்க்கும் கூடுதல் தாமதத்தால் நீக்கியின் நேரக்கணக்கு தவறிவிடலாம்.

எதிரொலியை விட்டுவிட்டு இரைச்சலுக்கு வருவோம். போனைக் காதில் வைத்துப் பேசும்போது மறுமுனைக்குக் கேட்காத மின்விசிறிச் சத்தம், ஸ்பீக்கரில் போட்டதும் கேட்கும். மைக் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. போனில் அடியில் ஒன்று, மேலே ஒன்று, பல மாடல்களில் பின்பக்கக் கேமரா அருகே இன்னொன்று என்று மைக்குகள் உண்டு. காதில் வைத்திருக்கும்போது அடி மைக் வாய்க்கு அருகில் இருப்பதால் குரல் அதில் பலமாக விழும். அறையின் இரைச்சலோ எல்லா மைக்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் குரலையும் இரைச்சலையும் பிரிக்கிறார்கள். போன் மேசைக்குப் போனதும் குரலும் எல்லா மைக்கிலும் ஒரே அளவில் விழுகிறது. பிரிக்க உதவிய தடயம் போய்விடுகிறது.

இங்கே எந்த அமைப்பையும்விட அதிகம் பயன் தருவது தூரம். போனுக்கும் வாய்க்கும் இடையே 60 செ.மீ. இருந்ததை 30 செ.மீ. ஆக்கினால், மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். அருகில் இருப்பதால் ஸ்பீக்கர் ஒலியளவையும் 6 டெசிபல் இறக்க முடிந்தால், குரலுக்கும் எதிரொலிக்கும் இடையிலான இடைவெளி 12 டெசிபல் கூடிவிடும். சீரான மின்விசிறிச் சத்தத்தை மென்பொருள் ஓரளவு எளிதாகக் குறைக்கும். பக்கத்தில் யாரோ பேசுவது, பாத்திரம் விழுவது போன்றவற்றில் அது தடுமாறும், கூடவே உங்கள் சொற்களின் தொடக்கத்தையும் வெட்டிவிடக்கூடும்.

அமைப்புகளில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. பிக்சல் போன்களில் உள்ள `Clear Calling`, மறுமுனையிலிருந்து வரும் இரைச்சலை உங்களுக்குக் குறைத்துக் கொடுப்பது. உங்கள் பக்கத்து இரைச்சல் அவருக்குக் கேட்கிறது என்ற புகாருக்கு இதை இயக்கிப் பயனில்லை. ஐபோனில் இதற்கு உரியது `Voice Isolation`. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்து, `Mic Mode` என்பதில் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண போன் அழைப்புகளுக்கு இது ஐஓஎஸ் 16.4இல் வந்தது, பழைய மாடல்கள் சிலவற்றில் கிடையாது. ஃபேஸ்டைம் போன்ற செயலி வழி அழைப்புகளில் அங்கே `Wide Spectrum` தேர்வாகியிருந்தால் அறையின் எல்லாச் சத்தமும் போகும், அதை மாற்றிவிடுங்கள்.

மைக்கைச் சோதிப்பதிலும் தவறு நடக்கிறது. குரல் பதிவுச் செயலியில் பேசிப் பார்த்து, தெளிவாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஐபோனில் அது சோதிப்பது முக்கியமாக அடி மைக்கைத்தான். முன்கேமராவில் ஒரு வீடியோ, பின்கேமராவில் ஒரு வீடியோ எடுத்து, மூன்றையும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் மங்கலாகவோ கரகரவென்றோ இருந்தால் அந்தப் பக்கத்து மைக்கைப் பாருங்கள். ஆண்ட்ராய்டிலும் இந்த மூன்று பதிவுகள் நல்ல துப்பு கொடுக்கும், எந்தப் பதிவுக்கு எந்த மைக் என்பது மாடலுக்கு மாடல் மாறினாலும். பதிவுச் செயலிகள் பலவும் எதிரொலி நீக்கியைப் பயன்படுத்துவதே இல்லை. ஆகவே நல்ல பதிவு மைக் நன்றாக இருப்பதைத்தான் காட்டும், அழைப்பும் சரியாக இருக்கும் என்பதைக் காட்டாது.

ஓர் எடுத்துக்காட்டில் வரிசையாகப் போய்ப் பார்ப்போம். ஒருவர் புதிய கவரும் ஸ்கிரீன் கார்டும் போட்ட பிறகு, ஸ்பீக்கர் அழைப்பில் எதிரொலியும் இரைச்சலும் சேர்ந்து வருவதாகப் புகார் வருகிறது. மியூட் செய்ததும் எதிரொலி நிற்கிறது. ஆக, கோளாறு இந்தப் பக்கம். ஒலியளவை இரண்டு படி இறக்கினால் குறைகிறது, ஆனால் போகவில்லை. கவரைக் கழற்றியதும் எதிரொலி போய்விடுகிறது, இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. மூன்று பதிவுகளையும் கேட்டால், முன்கேமரா வீடியோவில் குரல் அமுங்கியிருக்கிறது. ஸ்கிரீன் கார்டின் மேல்விளிம்பு, முன்பக்க மைக் இருக்கும் இடுக்கைப் பாதி மூடியிருக்கிறது. குரல் தணிந்து வருவதால் போன் தானாகவே ஒலிப்பெருக்கத்தைக் கூட்டுகிறது, அதில் அறையின் இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. கார்டைச் சரியாக ஒட்டி, துளைகள் அகலமாக வெட்டப்பட்ட கவரை மாட்டினால் இரண்டும் தீரும். இவர் முதலிலேயே அமைப்புகளை மீட்டமைத்திருந்தால், செய்துவைத்த அமைப்புகள் எல்லாம் போயிருக்கும், புகார் அப்படியே இருந்திருக்கும்.

துளையில் தூசி அடைந்திருந்தால் ஊசியால் குத்தவே கூடாது. உள்ளே இருப்பது மிக மெல்லிய சவ்வு. ஊசி பட்டால் கிழிந்துவிடும். சிம் தட்டைத் திறக்கும் ஊசியைத் தவறுதலாக மைக் துளையில் நுழைப்பதும் நடக்கிறது, இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால். அழுத்தக் காற்றும் சவ்வைக் கெடுக்கலாம். உலர்ந்த மென்மையான பிரஷால், துளை கீழ்நோக்கி இருக்கும்படி போனைப் பிடித்துக்கொண்டு துடைத்தால் தூசி வெளியே விழும்.

கடைசியாக, சாதாரண அழைப்பிலும் ஒரு செயலி வழி அழைப்பிலும் தனித்தனியே சோதியுங்கள். ஒரு செயலியில் மட்டும் எதிரொலித்தால், மைக் குற்றமற்றது. செயலிகள் பல தமக்கென்று தனி நீக்கி வைத்திருக்கின்றன, அந்தச் செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள். கவர் இல்லாமல், குறைந்த ஒலியளவில், எல்லாவற்றிலும் எதிரொலி தொடர்ந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம். போன் முன்பு திறக்கப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மைக்கையும் ஸ்பீக்கரையும் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாமல் மூடியிருந்தால், ஒலி போனின் உள்ளேயே மைக்குக்குக் கசியும். மைக்கை மாற்றுவதற்கு முன் அவர் பார்க்க வேண்டியது அந்த வளையத்தைத்தான்.