படத்தில் மின்னூட்டங்கள்: திசையை முதலில் முடியுங்கள்

மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைக் கேட்கும் கணக்கைப் போட்டோவில் பார்த்துப் போடுகிறீர்களா? புத்தகப் பக்கத்தின் போட்டோ பெரும்பாலும் சாய்ந்திருக்கும், கழித்தல் குறியும் மங்கிவிடும். அதனால் படத்தில் கோணத்தை அளக்காதீர்கள்; கொடுத்த நீளங்களை வைத்துத் தாளில் புதிதாக வரையுங்கள்.

மூலையில் +1 μC; இதன் மீதான விசையைத்தான் காண வேண்டும். அதற்கு இடப்பக்கம் 30 செ.மீ. தள்ளி +4 μC, மேலே 30 செ.மீ. தள்ளி −3 μC என்று வைப்போம். மூலையிலிருந்தே அம்பு போடுங்கள்: +4 தள்ளுவதால் வலப்பக்கம், −3 இழுப்பதால் மேல்நோக்கி. அப்புறம் கூலூம் விதியின் சூத்திரத்தில் குறியில்லாமல் அளவை மட்டும் போட்டால் 0.4 N, 0.3 N. இங்கே கழித்தல் குறியையும் சேர்த்தால் திசை இரண்டு முறை திரும்பி, அம்பு கீழ்நோக்கிப் போய்விடும். பலரும் தவறுவது இங்கேதான்.

தொகுவிசை 0.5 N, வலப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி சுமார் 37°. மூலையில் −1 μC இருந்தால் விசை எதிர்த்திசைக்கு மாறும்; அங்குள்ள மின்புலம் மாறாது.