புதுமனை புகுவிழா அழைப்பிதழ்: போனிலேயே செய்து குரூப்புகளில் அனுப்புவது எப்படி?

கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு என்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில் இருக்கும். கணபதி ஹோமத்துக்கும் பால் காய்ச்சுவதற்கும் வருபவர்கள் தாய்மாமா, அத்தை, சித்தப்பா என்று நெருங்கிய சொந்தங்கள்தான். மற்றவர்கள் காலை டிபனுக்கு வருவார்கள். கார்டில் "காலை 4.30 – 6.00" என்று மட்டும் இருந்தால், அண்ணாநகரிலிருந்து வர நினைக்கும் நண்பர் "ஆறு மணிக்கே முடிந்துவிடுமாம்" என்று வராமலே இருந்துவிடுவார். அதனால் எந்தப் பூ, எந்த நிறம் என்று தேடுவதற்கு முன்னால் வாசகத்தை எழுதி முடியுங்கள்.

முதலில் வாசகம்

சித்தாலப்பாக்கத்தில் ஒரு புது அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். விழா 30.1.2026, வெள்ளிக்கிழமை. விசுவாவசு வருடம் தை மாதம் 16ஆம் நாள். மேலே பிள்ளையார் சுழி, குலதெய்வத்தின் பெயர், "அன்புடையீர்" எல்லாம் உங்கள் வீட்டு வழக்கப்படி இருக்கட்டும். நடுவில் இரண்டு நேரங்களும் தனித்தனி வரிகளில் வரவேண்டும்:

கிரகப்பிரவேசம்: விடியற்காலை 4.30 – 6.00
காலை விருந்து: 7.30 முதல் 10.00 வரை

"காலை" என்பதற்குப் பதில் "விடியற்காலை" என்று போடுங்கள். வியாழன் இரவு தூங்கி எழுந்தால் விழா என்பது அந்த ஒரு சொல்லிலேயே புரிந்துவிடும். தேதியோடு கிழமையும் இருக்கட்டும். தேதியில் ஒரு எண் தவறாகிவிட்டால் கிழமை ஒத்துப்போகாது, வீட்டில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

கார்டு செய்வது

நான் கேன்வா செயலியை வைத்துச் சொல்கிறேன். வேறு செயலி என்றாலும் வழி ஏறக்குறைய இதுதான். புது டிசைன் தொடங்கும்போது Custom size என்பதைத் தொட்டு, அகலம் 1080, உயரம் 1350 பிக்சல் என்று கொடுங்கள். பலரும் ஸ்டேட்டஸ் அளவான 1080 × 1920இல் செய்கிறார்கள். அவ்வளவு நீளமான படத்தை வாட்ஸ்அப் சாட்டில் முழுதாகக் காட்டாது. மேலும் கீழும் வெட்டித்தான் காட்டும். குரூப்பில் பாதிப் பேர் படத்தைத் திறக்காமல் கடந்து போவார்கள் என்பதால், தேதியும் நேரமும் கார்டின் நடுப்பகுதியில் இருப்பது நல்லது.

ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்து அதில் தமிழைத் தட்டினால்தான் தொல்லை தொடங்கும். அந்த எழுத்துருக்கள் பலவற்றில் தமிழே இருக்காது. கட்டம் கட்டமாக வரும், அல்லது வேறு எழுத்துருவில் ஒட்டாமல் வரும். தோரணமோ வாழை மரமோ குத்துவிளக்கோ உள்ள வெறும் பின்னணியை எடுத்துக்கொண்டு, எழுத்தை நீங்களே போடுவது எளிது. Hind Madurai, Mukta Malar, Catamaran ஆகியவை தமிழோடு வரும் இலவச எழுத்துருக்கள். எதைத் தேர்ந்தாலும் முதலில் "ஸ்ரீ, கொலு, வீடு" என்று தட்டிப் பாருங்கள். "ஸ்ரீ" உடைந்தாலோ, "கொ"வின் கொம்பு க-வை விட்டு விலகி நின்றாலோ அந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள்.

எழுத்துரு சரியாக இருந்தும் எழுத்துகள் பிரிந்து நிற்கிறதா? Letter spacing எவ்வளவு என்று பாருங்கள். ஆங்கிலத் தலைப்புகளுக்கு அழகுக்காக எழுத்து இடைவெளியைக் கூட்டி வைத்திருப்பார்கள். தமிழில் அது துணையெழுத்தைப் பிய்த்துவிடும். 0 ஆக்குங்கள். வரி இடைவெளி மட்டும் 1.4 அளவுக்கு இருக்கட்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் "நூ"வும் கீழ் வரியின் "கீ"யும் மோதிக்கொள்ளும்.

அச்சகத்தில் அடித்த பழைய பத்திரிகையிலிருந்து வாசகத்தை நகல் எடுத்து ஒட்டும்போது புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. சில வரிகள்தான், புதிதாகத் தட்டிவிடுங்கள்.

முடித்ததும் Download போய் PNG ஆகச் சேமியுங்கள். அதை முதலில் உங்கள் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். பெரிதாக்காமல், கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது முதலில் மங்குவது மெல்லிய பொன்னிற எழுத்துதான். மெரூன் பின்னணியில் தங்க எழுத்து வேண்டுமென்றால் தடித்த எழுத்தாகப் போடுங்கள். அனுப்பும் திரையில் மேலே இருக்கும் HD என்பதையும் தொட்டுவிடுங்கள்.

வழி சொல்வது

படத்துக்குள் இருக்கும் மேப் இணைப்பைத் தொட முடியாது. அதனால் முகவரியும் இணைப்பும் படத்தோடு போகும் செய்தியாக இருக்க வேண்டும். நேரத்தையும் அதிலேயே திரும்ப எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து குரூப்பில் "கிரகப்பிரவேசம்" என்று தேடுபவருக்கு அந்த எழுத்துதான் அகப்படும், படத்தில் இருப்பது அகப்படாது.

```
*கிரகப்பிரவேசம்*
30.1.2026, வெள்ளி
விடியற்காலை 4.30 – 6.00
காலை விருந்து 7.30 – 10.00
சித்தாலப்பாக்கம், மேடவாக்கம் – மாம்பாக்கம் சாலை வழி
மேப்: https://maps.app.goo.gl/...
```

புது அபார்ட்மென்ட்டின் பெயரை மேப்பில் தேடினால் பில்டரின் அலுவலகமோ பின்பக்கச் சுவரோ வரக்கூடும். நேரில் போய், உள்ளே நுழையும் கேட் முன்னால் நின்று, மேப்பில் நீல வட்டம் இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்து Pin வைத்து, அந்த இணைப்பை Share வழியாக எடுங்கள். வேறொருவர் போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

யாருக்கு, எந்த வரிசையில்

பெரியவர்களுக்கு முதலில் போன். தாய்மாமா குரூப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் என்றால் அந்த வருத்தம் லேசில் போகாது. பேசி முடித்ததும் அவருக்குத் தனியாகக் கார்டை அனுப்புங்கள். அடுத்து நண்பர்களுக்கு பிராட்காஸ்ட் லிஸ்ட். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒற்றை டிக்கிலேயே நிற்கும் பெயர்களுக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள். குரூப்புகள் கடைசியில்.

ஒவ்வொரு முறையும் கேலரியிலிருந்து எடுத்து அனுப்புங்கள். வீட்டில் வேறொருவர் அனுப்பிய கார்டை அப்படியே ஃபார்வர்ட் செய்தால் மேலே Forwarded என்று விழும். கூப்பிட்ட மாதிரியே இருக்காது.

கார்டைப் படமாகவே அனுப்புங்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் APK கோப்பு அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி பற்றிக் காவல்துறையே எச்சரித்திருக்கிறது. தெரியாத கோப்பைத் திறக்கப் பெரியவர்கள் பயப்படுவது சரிதான். பள்ளி குரூப், பழைய அலுவலக குரூப் போன்ற பெரிய இடங்களுக்கு ஃபிளாட் எண் இல்லாத இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மாறிவிட்டால்

Delete for everyone போட்டாலும், மற்றவர்கள் அதற்குள் ஃபார்வர்ட் செய்த பிரதிகள் அழியாது. அதனால் அதே கார்டில் நேரத்தை மட்டும் மாற்றினால் போதாது. பின்னணி நிறத்தையும் மாற்றி, மேலே "திருத்திய அழைப்பிதழ்" என்று பெரிதாகப் போட்டு, முதலில் அனுப்பிய எல்லா இடங்களுக்கும் அனுப்புங்கள். விடியற்காலைக்கு வரவேண்டியவர்களை மட்டும் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.