பாக்கி கேட்கும் இரண்டு வரி

மந்தைவெளியில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, பதினைந்து வருட வாடிக்கையாளரான ஓர் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் இப்படித் தட்டியிருந்தார்: “பாக்கி 3,460. நாளைக்குள் கட்டவில்லை என்றால் இனிச் சரக்கு கிடையாது.” அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். அவர் கோபமும் நியாயம்தான். மொத்த வியாபாரி அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவரே அழித்துவிட்டு எழுதினார்: “வணக்கம் அம்மா. ஜூலைப் பற்று 3,460 ரூபாய் நிற்கிறது. நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள். 10ஆம் தேதி நான் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்குள் பாதியாவது கொடுத்தால் உதவியாக இருக்கும்.”

தொகையையும் தேதியையும் அவர் மழுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். மிரட்டல் இருந்த இடத்தில் காரணம் வந்தது, அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் பதில்: “12ஆம் தேதி துவரம் பருப்பு இரண்டு முறை ஏறியிருக்கிறதே, அண்ணாச்சி?” பார்த்தால் உண்மை. 340 ரூபாய் கழிந்து 3,120 ஆனது. அன்று மாலையே 1,500 வந்தது. மீதி பென்ஷன் வந்ததும். முதல் செய்தி போயிருந்தால், தப்புக் கணக்குக்கு மிரட்டியவர் என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

அந்த அம்மா நேற்றும் வந்தார், அரைக் கிலோ உளுந்துக்கு.