மார்கழியில் யாழ்ப்பாணம் போவோருக்கு: நுளம்புப் புகை பற்றி

பெட்டியில் எதை வைப்பது, எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. 2023 மார்கழியில், யாழ்ப்பாணத்தில் டெங்கு மிகக் கடுமையாகப் பரவியிருந்த வாரங்களில், வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊரில் ஐந்து வாரங்கள் தங்கினேன். அதில் இரண்டு வாரங்கள் புகையடிப்பிக்கும் அலுவலிலேயே போய்விட்டன. மழை முடிகிற மார்கழி, தை மாதங்களில் ஊருக்குப் போகும் எவருக்கும் புகையடிப்பிக்கச் சொல்லும் அதே கோரிக்கை வரக்கூடும் என்பதால், அந்தப் புகை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெரியம்மாவின் பேத்திக்கு ஏழு வயது. கிளிநொச்சியில் இருக்கும் தாய் தகப்பனை விட்டு, பள்ளிக்கூடத்துக்காகப் பெரியம்மாவோடு வளர்கிற பிள்ளை. ஒரு வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது, ஞாயிறன்று வைத்தியசாலையில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை காலையில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "கனடாவிலையிருந்து வந்தனீ, ஒரு ஆளைப் பிடிச்சுப் புகை அடிப்பிக்க ஏலாதோ?" என்று கேட்டார். இருபத்தொரு வருடங்களில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது என்பதால், எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குப் போனால் புகையூட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே நடைமுறை வேறு. வைத்தியசாலை 544ஆம் இலக்க அறிவித்தல் படிவத்தை நோயாளி வசிக்கும் பிரிவின் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். அது கிடைத்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் எல்லோரும் பி.எச்.ஐ. என்று சொல்பவர், வீட்டுக்கு வந்து பார்ப்பார். புகை தேவையா என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும். எங்கள் பிள்ளையின் படிவம் வரவில்லை என்று திங்கட்கிழமை சொன்னார்கள், புதன்கிழமையும் அதையே சொன்னார்கள். மின்விசிறி சுழலாத அந்த விறாந்தையின் வாங்கில் இருந்தபடி, இந்த நாடு திருந்தாது என்று மனத்துக்குள் நான் சொல்லிக்கொண்டதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் வெள்ளிக்கிழமை விடயம் வெளியே வந்தது. பிள்ளையை அனுமதிக்கும்போது தாய் தன் அடையாள அட்டையில் இருந்த கிளிநொச்சி முகவரியைக் கொடுத்திருக்கிறார். படிவம் ஒழுங்காகவே போயிருக்கிறது, வேறொரு மாவட்டத்துக்கு. உங்கள் உறவினர் எவராவது டெங்குவோடு அனுமதிக்கப்பட்டால், அட்டையில் இருக்கும் முகவரியை விட்டு, காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரங்களாக அவர் பகலில் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லி எழுதுவியுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, வீட்டிலிருந்து பெரும்பாலும் நூறு இருநூறு மீற்றருக்கு அப்பால் போகாதது. ஆகவே தேட வேண்டிய இடம் அவர் பகலில் இருந்த இடத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

பெரியம்மாவோ காத்திருக்க மாட்டார். அயலில் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிவந்து சனிக்கிழமை அடிப்பித்தேன். டீசலில் மருந்தைக் கலந்து, சூடாக்கி, வெள்ளைப் புகையாகக் கக்குகிற வகை இயந்திரம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வந்து, காற்று வீசிக்கொண்டிருக்க, முற்றத்திலும் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் பத்து நிமிடம் அடித்துவிட்டுப் போனார். புகை பனையை மறைத்தது, பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள், பெரியம்மாவுக்குத் திருப்தி. ஏறத்தாழ எல்லாமே பிழையாக நடந்த அந்தப் பத்து நிமிடங்களை வைத்தே மற்றவற்றை விளக்கலாம்.

புகை என்று நாம் சொல்வது உண்மையில் மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள். ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு அளவே இருப்பதால் அவை சிறிது நேரம் காற்றில் மிதக்கும், பறக்கும் நுளம்பில் ஒட்டும், அதைக் கொல்லும். பிறகு கலைந்துவிடும். சுவரில் தங்கி நாளைக்கு வந்து இருக்கும் நுளம்பைக் கொல்வது இந்த முறையின் வேலை அல்ல. மத்தியான வெயிலில் சூடான நிலத்திலிருந்து காற்று மேலெழும்பும், துளிகளும் அதனோடு மேலே போய்விடும். அதிகாலையிலும் மாலை மங்குமுன்னும் நிலத்தோடு ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் கிடக்கும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சுறுசுறுப்பாகப் பறக்கும் வேளைகளும் ஏறத்தாழ அவையே. பன்னிரண்டரைக்கு வருகிறேன் என்று சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நேரம் சரியாக இருந்திருந்தாலும் இடம் பிழை. டெங்குவைப் பரப்புவதில் முதன்மையான ஈடிஸ் எஜிப்டி வீட்டு நுளம்பு. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், கொடியில் தொங்கும் உடுப்புகளின் மடிப்பில், குளியலறையின் இருண்ட மூலையில் இருக்கும். முற்றத்தில் அடித்த புகை, பூட்டிய கதவுக்கு உள்ளே சேலைகளுக்கு நடுவே இருக்கும் நுளம்பைத் தொடுவதில்லை. வேலியில் அடித்தால் மரஞ்செடிகளில் தங்கும் அதன் உறவான அல்போபிக்டஸ் கொஞ்சம் சாகும். வீட்டைக் காப்பதென்றால் புகை வீட்டுக்குள் போக வேண்டும்.

அப்படியென்றால் புகையால் பயனே இல்லையா என்று கேட்டால், ஒரு பயன் உண்டு. நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைப் பரப்பாது. கிருமி அதன் உடலில் பெருகி உமிழ்நீருக்கு வந்துசேர எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் வரை ஆகும். புதிதாக நீரிலிருந்து எழும் நுளம்பில் பெரும்பாலும் கிருமி இருக்காது. எனவே புகையின் உண்மையான இலக்கு, அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிற வயதான பெண் நுளம்புகள். எங்கள் பிள்ளையை, காய்ச்சல் தொடங்கி வைத்தியசாலைக்குப் போகும் வரை வீட்டில் கடித்த நுளம்புகள், கணக்குப்படி இரண்டாவது வியாழனுக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆபத்தானவையாக மாறத் தொடங்கியிருக்கும். நான் புகையடிப்பித்த சனி காய்ச்சலின் பத்தாம் நாள். வீட்டுக்குள், சரியான வேளையில் அடித்திருந்தால் பயன்பட்டிருக்கக்கூடிய நாள் அது. அதை நான் பனைக்கு அடிப்பித்துவிட்டேன்.

ஞாயிறும் திங்களும் நுளம்பு குறைந்தாற்போல் இருந்தது. செவ்வாய் காலையில் பெரியம்மாவின் குதிக்காலில் மறுபடி கடித்தது. புகை முட்டையையோ குடம்பியையோ கூட்டுப்புழுவையோ தொடாது. கூட்டுப்புழு இரண்டு நாட்களில் நுளம்பாகும். ஆகவே, புகையடித்து மூன்று நாளுக்குள் பகலில் மறுபடி கடித்தால், மருந்து போதவில்லை என்று எண்ணி இன்னொரு முறை அடிப்பிக்க முன், அருகிலேயே நுளம்பு பெருகும் தேங்கிய நீர் இருக்கிறதென்று கொள்ளுங்கள். மருந்துக்கு நுளம்பு பழகிவிடுவதும் உண்டு. புகையில் கலக்கும் பைரெத்ரொயிட் வகை மருந்துகளுக்கு எதிர்ப்புள்ள ஈடிஸ் இலங்கையிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் எங்கள் விடயத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்கவில்லை.

அதே செவ்வாய்க்கிழமை பி.எச்.ஐ. வந்தார், முகவரி திருத்தப்பட்ட படிவத்தோடு. முதலில் கிணற்றடித் தொட்டியைப் பார்த்தார். முன்பொருமுறை விட்டிருந்த கப்பி மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. புகை மருந்துகளில் பெரும்பாலானவை மீனுக்குக் கொடிய நஞ்சு, தொட்டியை நாங்கள் மூடவில்லை. குடம்பி தின்னும் மீனைக் கொன்று நுளம்பு ஒழித்த பெருமை என்னைச் சேரும்.

பிறகு அவர் பெரியம்மா வீட்டில் அதிகம் தேடவில்லை. மதிலுக்கு அப்பால் பார்த்து, "அது ஆற்றை வீடு?" என்று கேட்டார். என்னுடையது. தகப்பனார் இருந்த காணியில், கனடாவிலிருந்து காசு அனுப்பிக் கட்டிய மாடிவீடு, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நான் பெரியம்மா வீட்டிலேயே தங்கியதால் அதன் கீழ்த்தளத்தைத் தவிர எதையும் திறந்து பார்க்கவில்லை. மேல்தளக் குளியலறைக் கொமட்டின் சிஸ்டன் மூடியைத் தூக்கி டோர்ச் அடித்தார், ஒளி பட்டதும் குடம்பிகள் கூட்டமாக நெளிந்து அடிக்கு இறங்கின. கூரைப் பீலியில் இலை அடைத்து நீர் நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு மட்டும் காய்ந்திருந்தது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, நுளம்பு பெருக இடம் கொடுக்காமல் காணியை வைத்திருப்பது உரிமையாளரின் கடமை, வெளிநாட்டில் இருப்பது அதற்குச் சாட்டில்லை. அவர் கோபப்படவில்லை. அறிவித்தலை எழுதி நீட்டினார், இந்த ஒழுங்கையில் இப்படிப் பூட்டிய வீடு நாலு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னபடி அடுத்த நாள் பெரியம்மா வீட்டுக்குள் புகையூட்டினார்கள். எப்படிச் செய்தார்கள் என்பதைக் கவனித்து வைத்தேன். காலை ஆறரைக்கு எல்லோரையும், நாயையும் வெளியே எடுத்தார்கள். சமைத்த உணவையும் குடிநீரையும் மூடினார்கள். அடுப்பையும் பிரதான மின்சார ஆளியையும் நிறுத்தினார்கள், ஏனெனில் எண்ணெய்ப் புகை நெருப்புப் பற்றும். யன்னல்களைச் சாத்தி, பின்னறையில் தொடங்கி, ஒவ்வொரு அறையிலும் கட்டிலுக்குக் கீழே குழாயைக் காட்டிச் சில விநாடிகள் மட்டும் அடித்து, முன்கதவால் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். அரை மணி கழித்துத் திறந்து காற்றோட விட்டோம். எல்லாம் ஆறிய பிறகு மேசையையும் தரையையும் துடைத்தோம். கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் அன்றைக்கு வேறு வீட்டில் இருப்பது நல்லது. புகை ஒருமுறையோடு முடிகிற வேலையும் அல்ல. பரவல் நடக்கும்போது சில நாட்கள் இடைவெளியில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

இதைக் கண்ட பிறகு, இணையத்தில் விற்கும் சிறிய கை இயந்திரத்தை வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு வேண்டாம் என்றே சொல்கிறேன். கலவையின் அளவு தெரியாமல், முகக்கவசம் இல்லாமல், மூடிய அறையில் டீசல் புகையை நிரப்புவது நுளம்பைவிடப் பெரிய ஆபத்து. ஒரு வீட்டுக்குக் கடையில் விற்கும் நுளம்பு ஸ்பிறே போதும். காலையில் கட்டிலடி, அலுமாரிப் பின்புறம், தொங்கும் உடுப்பு என்று இருண்ட இடங்களைப் பார்த்து அடித்து, கதவைச் சாத்தி, போத்தலில் எழுதியுள்ள நேரம் வரை வெளியே நின்றால், அது முற்றத்துப் புகையைவிடக் கூடுதலாகச் செய்யும். காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வைப்பது அதைவிட மேல், ஏனெனில் கடிக்காத நுளம்புக்குக் கிருமி ஏறாது.

திரும்ப இரண்டு நாள் இருக்கையில் மாடிவீட்டைச் சரிசெய்தேன். தண்ணீர் வால்வைப் பூட்டி சிஸ்டனை வெறுமையாக்கினேன், கொமட் வாயையும் தரைத் துளைகளையும் பொலித்தீன் போட்டு ஒட்டினேன். பீலியைக் கழற்றியே விட்டேன். கிணற்றடித் தொட்டியை வெறுமையாக்கி, உட்சுவரைத் தும்புப் பொச்சால் அழுத்தித் தேய்த்தேன். ஈடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி, மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும், மழை வந்ததும் பொரிக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் அது போகாது.

சாவியைப் பெரியம்மாவிடம் கொடுத்து, கிழமைக்கொருமுறை பார்க்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு எழுபத்திமூன்று வயது, மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கும். அவரே சாவியை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தால், பேத்தியின் பள்ளிக்கூடக் கதைக்கு முன்னர், மேல் கொமட்டின் பொலித்தீன் கிழியவில்லை என்பதைத்தான் முதலில் சொல்கிறார்.