காலர் மைக்கை போனில் இணைப்பது எப்படி? முதலில் பின்னில் உள்ள வளையங்களை எண்ணுங்கள்

காலர் மைக் வாங்கும் பலரும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மைக் சரியாகச் செருகியிருக்கும், வீடியோ பதிவாகும், திரும்பப் போட்டால் குரலும் கேட்கும். ஆனால் பதிவானது காலர் மைக்கில் இல்லை, போனுக்குள் இருக்கும் மைக்கில். போன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் எந்த மைக் நல்லது என்று தேடுவதற்கு முன், எந்த மைக்கை உங்கள் போன் மைக்காக ஏற்றுக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வளையங்களைப் பாருங்கள்

ஹெட்போன் ஜாக்கில் செருகும் பின் 3.5 மி.மீ. தடிமன் கொண்டது. அதில் மெல்லிய வளையங்கள் தெரியும், பெரும்பாலும் கருப்பாக இருக்கும். இரண்டு வளையம் இருந்தால் அது டிஆர்எஸ். மூன்று இருந்தால் டிஆர்ஆர்எஸ். போனுக்கு வேண்டியது மூன்று வளையப் பின்.

காரணம் எளிது. இன்றைய போன்களின் ஜாக்கில் பின்னைத் தொடும் இடங்கள் நான்கு. நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது கிரவுண்ட், அடிப்பகுதி மைக்குக்கு. இரண்டு வளையப் பின்னில் அடியில் இருப்பது ஒரே நீளமான உலோகத் துண்டு. அது மைக் இணைப்பையும் கிரவுண்டையும் சேர்த்துவிடும். உடனே போன், 'இது மைக் இல்லாத ஹெட்போன்' என்று முடிவு செய்து தன் சொந்த மைக்கையே பயன்படுத்தும். பின் ஜாக்கில் கச்சிதமாகப் பொருந்துவதால் நமக்குச் சந்தேகமே வராது.

கேமராவுக்கென்று செய்த மைக்குகளில் பெரும்பாலும் இரண்டு வளையம்தான் இருக்கும். கையில் அப்படி ஒன்று இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். டிஆர்எஸ் மைக்கை டிஆர்ஆர்எஸ் ஆக மாற்றும் சின்ன அடாப்டர் போதும். ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டு துளைகள் உள்ள ஒய் வடிவ ஸ்ப்ளிட்டரும் அதே வேலையைச் செய்யும். மைக் படம் போட்ட துளையில் செருகுங்கள்.

சில மைக்குகளின் வயரில் பேட்டரி போடும் சிறிய பெட்டி இருக்கும். அதில் ஸ்மார்ட்போன், கேமரா என்று ஒரு சுவிட்ச். போனில் மாட்டும்போது அது ஸ்மார்ட்போன் பக்கம் இருக்க வேண்டும். காலர் மைக்குக்குத் தேவையான சிறு மின்சாரத்தைப் போனே ஜாக் வழியாகக் கொடுத்துவிடும்.

ஜாக் இல்லை, யூஎஸ்பி-சி மட்டும்தான் என்றால்

புதிதாக வாங்குபவருக்கு என் பரிந்துரை, நேரடியாக யூஎஸ்பி-சி முனையுடன் வரும் காலர் மைக். குரலை டிஜிட்டலாக மாற்றும் சிப் அதற்குள்ளேயே இருக்கும். வளையக் கணக்கு, அடாப்டர் எதுவும் தேவையில்லை. ஐபோன் 15 முதல் வந்த ஐபோன்களிலும் இதே போர்ட்தான்.

ஏற்கெனவே 3.5 மி.மீ. மைக் இருந்தால் யூஎஸ்பி-சி அடாப்டர் வாங்க வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அடாப்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சிப் இருக்கும், இன்னொன்றில் வெறும் வயர்தான். வெறும் வயர் வகை வேலை செய்ய வேண்டுமானால், போன் தன் யூஎஸ்பி-சி போர்ட் வழியாக அனலாக் ஒலியைக் கையாள வேண்டும். பல போன்கள் அதைச் செய்வதில்லை. பெட்டியில் டிஏசி என்றோ, டிஜிட்டல் சிப் என்றோ குறிப்பிட்டதையே வாங்குங்கள். அதோடு மைக்கும் வேலை செய்யும் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டு கேட்டது என்பதற்காக மைக்கும் ஓடும் என்று நம்ப முடியாது. பாட்டு வெளியே வரும் வழி, குரல் உள்ளே போகும் வழி வேறு.

ஒரு உதாரணம்

கையில் இரண்டு வளைய காலர் மைக், போனில் யூஎஸ்பி-சி மட்டும். என்ன செய்வது?

முதலில் மைக்கின் பின்னை, டிஆர்எஸ்ஸை டிஆர்ஆர்எஸ் ஆக்கும் அடாப்டரில் செருகுங்கள். அந்த அடாப்டரின் மூன்று வளையப் பின்னை, சிப் உள்ள யூஎஸ்பி-சி அடாப்டரில் செருகுங்கள். கடைசியாக அதைப் போனில் செருகுங்கள். போன் கவர் தடிமனாக இருந்தால் முனை முழுதாக உள்ளே போகாது, கவரைக் கழற்றிவிடுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு ரெக்கார்டர் செயலியைத் திறங்கள். முன்பே திறந்திருந்தால் மூடிவிட்டுத் திறப்பது நல்லது.

போன் எதையும் கண்டுகொள்ளவில்லையா? சில ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் OTG என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதை ஆன் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் பயன்படுத்தாமல் விட்டால் தானாகவே அணைந்துவிடும் போன்களும் உண்டு. நேற்று ஓடிய மைக் இன்று ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

அப்புறம் சோதனை. பதிவைத் தொடங்கி, காலர் மைக்கை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு போனின் அடிப்பக்கத்தில், மைக் துளைக்கு அருகே சுரண்டுங்கள். பதிவை நிறுத்தி, மைக்கைக் கழற்றிவிட்டு, போன் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேளுங்கள். முதல் சுரண்டல் 'கர கர' என்று பலமாகவும் இரண்டாவது மங்கலாகவும் கேட்டால் வேலை முடிந்தது. தலைகீழாகக் கேட்டால், போனின் சொந்த மைக்தான் இன்னும் ஓடுகிறது. அப்போது, மைக் உள்ள சாதாரண வயர் ஹெட்செட்டை நேரடியாக அதே யூஎஸ்பி-சி அடாப்டரில் மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். ஹெட்செட் மைக் பதிவானால் யூஎஸ்பி-சி அடாப்டர் சரி, சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. அதுவும் பதிவாகவில்லை என்றால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் அடாப்டரைத்தான்.

ரெக்கார்டரில் சரி, வீடியோவில் இல்லை

இது மைக்கின் குற்றமில்லை. போனோடு வரும் சில கேமரா செயலிகள், வெளியே மைக் இருந்தாலும் உள் மைக்கையே எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் Open Camera என்ற இலவசச் செயலியில், வீடியோ அமைப்புகளுக்குள் Audio source என்பதற்குப் போய் External mic என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்ததும் சுரண்டல் சோதனையை மறுபடி செய்யுங்கள். படப்பிடிப்புக்கு எந்தச் செயலியோ, அதில் செய்யும் சோதனைதான் கணக்கு.

எங்கே குத்துவது

தாடையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் கீழே, சட்டையின் நடுவில். காலர் மைக்குகள் பெரும்பாலும் எல்லாப் பக்க ஒலியையும் எடுப்பவை, அதனால் முனை நேராக வாயைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. கழுத்துச் சங்கிலி, துப்பட்டா, தளர்ந்த துணி ஆகியவை உரசாத இடமா என்பதுதான் முக்கியம். உரசல் சத்தத்தைப் பின்னால் எடிட்டிங்கில் நீக்குவது பெரும்பாடு. கிளிப்புக்குக் கீழே வயரை ஒரு சிறு வளையமாகச் சுற்றிச் செருகிவிட்டால், வயர் இழுபடும் அதிர்வு மைக்குக்குப் போகாது.

பேசும்போது பின்னணியில் 'ங்ங்...' என்று ஒரே சீராக இரைச்சல் கேட்கிறதா? போன் சார்ஜரில் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றுபோக வாய்ப்பு அதிகம். யூஎஸ்பி-சி போர்ட்டில் மைக் இருக்கும்போது எப்படியும் சார்ஜ் போட இடம் இருக்காது, ஆகவே போனை முன்கூட்டியே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். இடையில் அழைப்பு வந்து பதிவு நிற்காமல் இருக்க ஏரோபிளேன் மோடையும் போட்டுவிடுங்கள்.